பச்சை டிக் விழும், கேள்வி விரியாது

வெப்சைட் செய்து தரும் நிறுவனங்களின் கொட்டேஷனில் 'எஃப்.ஏ.க்யூ. ஸ்கீமா' என்றொரு வரியை இன்றும் பார்க்கலாம். அதற்கு நேரே ஒரு தொகை இருக்கும். அது என்னவென்று கடைக்காரர் கேட்டால், "கூகுள்ல நம்ம பக்கம் வரும்போது கீழேயே கேள்வி பதில் விரியும்ணே, மத்தவங்களைவிட நம்மளது பெரிசாத் தெரியும்" என்று பதில் வரும். 2020இல் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அது சரி. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு ஏசி சர்வீஸ், பிளம்பிங், ஆடிட்டர் அலுவலகம், டியூஷன் சென்டர் போன்ற சாதாரணச் சேவைப் பக்கங்களுக்கு அது பொருந்தாது. விதி மாறிவிட்டது, கொட்டேஷன் மாறவில்லை. சிறு கடைக்காரர் உழைத்துச் சம்பாதித்த பணம் இந்த இடைவெளியில்தான் வீணாகிறது. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்த்துவிடலாம்.

முதலில் இந்த ஸ்கீமா என்பது என்ன? ஒரு பக்கத்தில் கேள்வியும் அதன் கீழே பதிலும் எழுதியிருந்தால், படிக்கிறவருக்கு எது கேள்வி, எது பதில் என்று பார்த்ததுமே புரிந்துவிடும். தேடுபொறியின் நிரலுக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். மளிகைக் கடையில் ஒரே மாதிரி டப்பாக்களின் மேல் 'உளுந்து', 'துவரை' என்று சீட்டு ஒட்டுவதுபோல, 'இது கேள்வி', 'இது அதற்கான பதில்' என்று பக்கத்தின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டினால் நிரலுக்கும் புரியும். அந்தச் சீட்டில் என்ன சொற்களை எழுதுவது என்பதற்குப் பொதுவான அகராதி வேண்டும் என்று 2011 ஜூனில் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து schema.org என்ற தளத்தைத் தொடங்கின. சில மாதங்களில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. கேள்வி பதில் பக்கத்துக்கு அந்த அகராதியில் உள்ள பெயர் FAQPage.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். திருச்சியில் வீட்டு ஏசிகளுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் தளத்தில் 'ஸ்பிளிட் ஏசி சர்வீஸ்' என்று ஒரு பக்கம். வாட்டர் வாஷ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வருஷமும் கேஸ் நிரப்ப வேண்டுமா, வந்து பார்க்க மட்டும் எவ்வளவு, மாற்றிய உதிரிபாகத்துக்கு வாரண்டி உண்டா என்று பக்கத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு கேள்விகள். அவற்றில் கேஸ் பற்றிய கேள்விக்கு மட்டும் சீட்டு ஒட்டினால் இப்படி இருக்கும்:

```html
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "FAQPage",
  "mainEntity": [{
    "@type": "Question",
    "name": "ஏசிக்கு ஒவ்வொரு வருஷமும் கேஸ் நிரப்ப வேண்டுமா?",
    "acceptedAnswer": {
      "@type": "Answer",
      "text": "வேண்டாம். கசிவு இல்லாவிட்டால் கேஸ் குறையாது."
    }
  }]
}
</script>
```

இதில் மந்திரம் எதுவும் இல்லை. `name` என்ற இடத்தில் முழுக் கேள்வி, `text` என்ற இடத்தில் முழுப் பதில். மற்ற மூன்று கேள்விகளும் இதே வடிவில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கத்தைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்கு இந்தத் துண்டு தெரியாது. வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளக்-இன்களில் கேள்வி பதிலை எழுதுவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதில் தட்டச்சு செய்தால் இந்தக் குறியீடு தானாகவே உருவாகிவிடும். அதாவது நான்கு கேள்விக்கு இதைச் செய்வது கால் மணி நேர வேலைகூட இல்லை.

அப்படியானால் இதற்கு ஏன் இவ்வளவு பேர் வந்தது? 2019 மே மாதத்தில் கூகுள் இதைத் தன் தேடல் முடிவுகளில் காட்டத் தொடங்கியது. ஒரு பக்கத்தின் தலைப்பு, இரண்டு வரி விளக்கம், அதன் கீழே வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கீழ்நோக்கிய ஓர் அம்பு. தொட்டால் பதில் அங்கேயே விரியும். போன் திரையில் அப்படி ஒரு முடிவு வந்தால், அடுத்த கடையின் முடிவு திரைக்குக் கீழே போய்விடும். பத்துப் பேர் போட்டி போடும் இடத்தில் இது பெரிய வசதி. அதனால் எல்லோரும் பாய்ந்தார்கள்.

அந்த வசதியே அதற்கு எமனாகவும் ஆனது. யாரும் கேட்காத கேள்விகளைக் கடைகளே உட்கார்ந்து எழுதின. 'திருச்சியில் சிறந்த ஏசி சர்வீஸ் எது?' என்று ஒரு கேள்வி. 'எங்கள் நிறுவனம்தான்' என்று ஒரு பதில். அதையே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தஞ்சாவூருக்கு ஒரு பக்கம், கரூருக்கு ஒரு பக்கம். விளம்பரத்துக்காக இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஒரே கேள்வி பதில் பல பக்கங்களில் திரும்ப வந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் குறியீடு போடுங்கள் என்றும் கூகுளின் விதியில் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. 2021 ஜூனில் கூகுள் ஒரு முடிவுக்கு அதிகபட்சம் இரண்டு கேள்விதான் என்று குறைத்தது. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி அடுத்த அறிவிப்பு வந்தது. கேள்வி பதில் விரியும் இந்தக் காட்சி இனி நன்கு அறியப்பட்ட, அதிகாரபூர்வமான அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டுமே. மற்ற தளங்களுக்கு இது வழக்கமாகக் காட்டப்படாது. தேடல் முடிவுகள் நெரிசலில்லாமல், ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். உலகம் முழுவதும் ஒரு வாரத்துக்குள் இது நடைமுறைக்கு வரும் என்றும் சொன்னார்கள்.

இந்த விதியில் 'நன்கு அறியப்பட்ட, அதிகாரபூர்வமான' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ஊரில் ஒரு பல் மருத்துவமனை நடத்துகிறவர், 'நாங்களும் சுகாதாரம்தானே' என்று நினைக்கலாம். பொருள் சுகாதாரம்தான்; ஆனால் விதி, பொருளோடு சேர்த்துத் தளத்தின் தகுதியையும் கேட்கிறது. மருத்துவத் தகவலுக்காகப் பரவலாக நம்பப்படும் தளமா என்பது கேள்வி. ஒரு கிளினிக் தன் ரூட் கெனால் சேவைக்காக வைத்திருக்கும் பக்கம் அந்த வரையறைக்குள் வராது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. இதற்கு விண்ணப்பம் கிடையாது. தகுதி பெற்ற தளங்களின் பட்டியலை கூகுள் வெளியிடவும் இல்லை. தகுதியுள்ள தளமாகவே இருந்தாலும், குறியீடு பிழையில்லாமல் இருந்தாலும், ஒவ்வொரு தேடலுக்கும் அது விரியும் என்று உத்தரவாதம் கிடையாது. எந்தத் தேடலுக்கு எதைக் காட்டினால் பொருத்தம் என்பதை அந்தந்த நேரத்தில் கூகுளின் நிரல் முடிவு செய்யும். குறியீடு என்பது காட்டுவதற்கான அனுமதி; காட்டச் சொல்லும் உத்தரவு ஆகாது.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. படிப்படியான செய்முறையைக் காட்டும் HowTo வகைக் குறியீட்டை, போனில் நிறுத்திவிட்டு கணினியில் மட்டும் காட்டப்போவதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம், செப்டம்பர் 13 முதல், கணினியிலும் நிறுத்திவிட்டார்கள். ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று படத்தோடு குறியீடு போட்டு வைத்தவர்களின் உழைப்பு ஒரே மாதத்தில் காட்சியிலிருந்து போனது. கேள்வி பதில் குறியீட்டுக்கு 2023இல் மிச்சமிருந்த இடமும் அப்படிப் போகக்கூடியதுதான். ஒரு தேடுபொறி தன் திரையில் இன்னொருவருக்குக் கொடுக்கும் இடம் எப்போதும் இரவல் இடம்தான். அதற்கு வருடாந்தரக் கட்டணம் வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

"இல்லண்ணே, நான் கண்ணால பார்த்தேன், இப்பவும் கேள்வி பதில் வருதே" என்று சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது வேறொன்று. கூகுளில் தேடும்போது முடிவுகளுக்கு நடுவே 'People also ask' என்ற தலைப்பில் நான்கைந்து கேள்விகள் கொண்ட பெட்டி வரும். தொட்டால் அதுவும் விரியும். பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தப் பெட்டி எந்தக் கடையின் முடிவோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும். உள்ளே ஒவ்வொரு கேள்வியை விரித்தாலும் பதிலின் கீழே வெவ்வேறு தளத்தின் பெயர் இருக்கும். நாம் பேசும் குறியீட்டுக் காட்சியோ, ஒரு தளத்தின் முடிவுக்கு அடியிலேயே, அந்தத் தளத்தின் கேள்விகளை மட்டும் கொண்டிருக்கும். 'People also ask' பெட்டியில் வரும் பதில்களைப் பக்கங்களின் சாதாரண எழுத்திலிருந்தே கூகுள் எடுக்கிறது. அதில் இடம்பெற FAQPage குறியீடு தேவையில்லை. முடிவுகளின் உச்சியில் ஒரு பத்தி மட்டும் பெரிதாகத் தெரியுமே, அதுவும் அப்படித்தான்.

இப்போது சோதனைக்கு வருவோம். ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். கூகுளின் Rich Results Test என்ற சோதனைப் பக்கத்தில் நம் பக்கத்தின் முகவரியைப் போட்டால், அது ஆதரிக்கும் குறியீட்டு வகைகளில் பிழை இல்லை என்றால் பச்சை டிக் விழும். ஏஜென்சி அந்தப் பச்சை டிக்கைப் படம் எடுத்து அனுப்பும். கடைக்காரர் வேலை முடிந்தது என்று பணத்தை அனுப்புவார். ஆனால் அந்த டிக் சொல்வது ஒன்றே ஒன்று: எழுத்திலக்கணம் சரி, இருக்க வேண்டிய பகுதிகள் இருக்கின்றன. இந்தத் தளத்துக்கு கூகுள் அந்தக் காட்சியைத் தருமா என்பதை அது சோதிப்பதே இல்லை. schema.org நடத்தும் validator.schema.org என்ற சோதனையும் அப்படித்தான்; எல்லா வகைக் குறியீட்டையும் படித்து இலக்கணப் பிழையைச் சொல்லும், அதோடு சரி.

உண்மையில் காட்டப்பட்டதா என்று தெரிந்துகொள்ள Search Console என்ற இலவசக் கணக்கைத் திறக்க வேண்டும். அங்கேயும் இரண்டு அறிக்கைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் அறிக்கை, தளத்தில் எத்தனை பக்கங்களில் எந்த வகைக் குறியீடு பிழையில்லாமல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது. 2023 அறிவிப்பிலேயே கூகுள் தெளிவாகச் சொன்னது: இந்த மாற்றத்தால் அந்த எண்ணிக்கை குறையாது, குறைவது, எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கு மட்டும்தான். அதனால் நம் திருச்சிக் கடைக்கு 'பிழையற்றவை 12' என்று பச்சையாக ஓர் எண் வருஷக்கணக்கில் நின்றிருக்கலாம். திரையில் ஒருமுறைகூடக் காட்டப்படாமலேயே.

பார்க்க வேண்டியது இரண்டாவது அறிக்கையை. Performance என்ற பகுதியில், தேடிய சொற்கள், பக்கங்கள், நாடுகள் என்று வரிசையாக இருக்கும் தலைப்புகளில் Search appearance என்பதைத் தொடுங்கள். தேதியை அது அனுமதிக்கும் அதிகபட்சமான 16 மாதங்களுக்கு நீட்டுங்கள். கேள்வி பதில் காட்சி உங்கள் தளத்துக்கு எப்போதாவது கிடைத்திருந்தால் அதற்கென்று ஒரு வரி அங்கே இருக்கும். எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்ற எண்களோடு. வரியே இல்லை என்றால் காட்டப்படவில்லை. அவ்வளவுதான். இந்த அறிக்கைகளெல்லாம் 'இப்போதைக்கு' இருக்கும் என்றுதான் கூகுள் அன்று சொன்னது. ஆகவே அந்தத் தலைப்பே காணாமல் போயிருந்தாலும் வியப்படைய வேண்டாம். ஏஜென்சியிடம் பச்சை டிக்கைக் கேட்காமல் இந்த வரியைக் கேளுங்கள்.

குறியீடு போட்டும் பிழை வருகிறது என்றால், தமிழில் எழுதும் தளங்களில் அதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கடைக்காரர் பதில்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இரண்டு வரி எழுதி, எண்டர் தட்டி, இன்னும் இரண்டு வரி. வடிவமைப்பவர் அதை அப்படியே எடுத்து `text` இடத்தில் ஒட்டுகிறார். இந்த எழுத்து வடிவத்தில் மேற்கோள் குறிக்குள் நேரடியாக அடுத்த வரிக்குப் போக அனுமதி இல்லை. அந்த ஒரு எண்டர் போதும், முழுத் துண்டும் செல்லாது. பதிலுக்குள் நேரான இரட்டை மேற்கோள் குறி வந்தாலும் இதே கதை. அங்கேயே பதில் முடிந்துவிட்டது என்று நிரல் நினைத்துக்கொள்ளும். வேர்ட் கோப்பிலிருந்து குறியீட்டையே வெட்டி ஒட்டினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிட்டிருக்கும், அதுவும் செல்லாது. Search Console இதை 'Unparsable structured data' என்று காட்டும். மாற்று எளிது: அடுத்த வரிக்குப் போக `<br>` என்று எழுதுங்கள், உள்ளே வரும் மேற்கோளுக்கு முன் `\` போடுங்கள். இல்லையென்றால் பிளக்-இன் கட்டத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். அது இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு பிளக்-இன்கள் ஒரே பக்கத்தில் ஆளுக்கொரு FAQPage எழுதிவிடுவதும் உண்டு. தீம் ஒன்றைப் போடும், எஸ்.இ.ஓ. பிளக்-இன் இன்னொன்றைப் போடும். 'Duplicate field "FAQPage"' என்ற பிழைச்செய்தி அதற்கானது. ஒன்றை அணைத்துவிட்டால் தீர்ந்தது. தமிழுக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் கட்டிய பழைய தளங்கள் சில இன்னும் பாமினி போன்ற எழுத்துருவில் ஓடுகின்றன. எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். அதைக் குறியீட்டில் போட்டால் சோதனையில் பிழை எதுவும் வராது, இலக்கணம் சரிதானே! ஆனால் தேடுபொறி படிப்பது பொருளற்ற எழுத்துகளை. பதிலை வெட்டி ஒரு சாதாரண நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தெரியாவிட்டால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், குறியீடெல்லாம் பிறகு.

இவை சோதனையில் தெரியும் பிழைகள். தெரியாத பிழை ஒன்றுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. பக்கத்தில் 'வந்து பார்க்க 300 ரூபாய்' என்றிருக்கிறது. கோடையில் 400 ஆக்குகிறார்கள். பக்கத்தில் மாற்றியவர், யாரோ எப்போதோ கையால் எழுதி வைத்த குறியீட்டை மாற்றவில்லை. அது கண்ணுக்குத் தெரியாதே. இப்போது பக்கம் ஒன்று சொல்கிறது, குறியீடு வேறொன்று சொல்கிறது. குறியீட்டில் இருக்கும் கேள்வியும் பதிலும் முழுமையாகப் பக்கத்தில் படிப்பவர் கண்ணுக்குக் கிடைக்க வேண்டும் என்பது கூகுளின் அடிப்படை விதி. தொட்டால் விரியும் மடிப்புக்குள் இருந்தால் பரவாயில்லை. பக்கத்திலேயே இல்லாததைக் குறியீட்டில் மட்டும் வைக்கக் கூடாது. மீறினால் கூகுளின் ஆட்கள் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். அதனால் தேடலில் அந்தப் பக்கத்தின் இடம் இறங்காது. ஆனால் இந்த மாதிரிச் சிறப்புக் காட்சிகளுக்கான தகுதி போய்விடும்.

அப்படியானால் ஏற்கெனவே போட்டதை எடுத்துவிட வேண்டுமா? அவசரமாக எடுக்க வேண்டியதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது; பயன்படாத குறியீடு தேடலில் கெடுதல் எதுவும் செய்யாது, கண்ணுக்குத் தெரியும் பலனும் தராது. பிளக்-இன் தானாக எழுதுவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் மாற்றினால் குறியீடும் கூடவே மாறிவிடும். பிங்கும் இதே schema.org குறியீட்டைப் படிக்கிறது. அங்கேயும் காட்டுவதும் காட்டாததும் அதன் விருப்பம்தான். ஆனால் கையால் எழுதித் தனியாக ஒட்டிய குறியீடாக இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது என்பேன். காட்சியே கிடைக்காத ஒன்றுக்காக விலை மாறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்திக்கொண்டிருப்பது வேண்டாத வேலை.

இதே கொட்டேஷனில் அடுத்த வரியாக 'ரிவியூ ஸ்கீமா, ஸ்டார் வரும்' என்றிருந்தால் அதையும் நிறுத்திக் கேளுங்கள். ஒரு கடை தன்னைப் பற்றிய மதிப்புரைகளைத் தன் தளத்திலேயே வைத்து அதற்குக் குறியீடு போட்டால், அந்த நட்சத்திரங்களைத் தேடல் முடிவில் காட்டுவதை கூகுள் 2019 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. மேப்பில் தெரியும் நட்சத்திரம் Google Business Profile கணக்கிலிருந்து வருவது. தளத்தின் குறியீட்டால் வருவதில்லை.

குறியீட்டுக்குப் பலன் போனது என்பதால் கேள்வி பதிலுக்கே பலன் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையில், முன்பு குறியீட்டுக்காக எழுதிய பதில்களைவிட இப்போது நல்ல பதில் எழுதுவதில்தான் பொருள் இருக்கிறது, ஏனென்றால் தேடுபொறி எடுத்துக்கொள்வது பக்கத்தின் எழுத்தை. கேஸ் கேள்வியையே எடுங்கள். ஏஜென்சி எழுதும் பதில் இப்படி இருக்கும்: 'எங்கள் அனுபவம் வாய்ந்த டெக்னீஷியன்கள் உங்கள் ஏசியின் கேஸ் அளவைப் பரிசோதித்துத் தேவையான சேவையை வழங்குவார்கள். இன்றே தொடர்புகொள்ளுங்கள்.' கேட்டவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கடையின் மெக்கானிக்கிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும்:

"வேண்டாம் சார். கேஸ் மூடின காப்பர் பைப்புக்குள்ளேயே சுத்துது, பெட்ரோல் மாதிரி தீராது. கொறஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். பைப் சேருற நட்டுல எண்ணெய்க் கறை தெரியுதான்னு பாப்போம், சோப்புத் தண்ணி வச்சாக் குமிழி வரும். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் போட்டா திரும்பவும் போயிடும், உங்க காசும் போயிடும்."

இதைத் திருத்தமாக நான்கு வரியில் எழுதினால், அதுதான் பதில். 'ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போடணுமா' என்று நள்ளிரவில் வியர்வையோடு தேடுகிற ஒருவருக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. தேடுபொறி ஒரு பத்தியை எடுத்து மேலே காட்ட நினைத்தாலும் எடுக்கத்தக்க எழுத்து இதுதான். வருஷா வருஷம் கேஸ் போட்டுக் காசு பார்க்காத கடை என்று படித்தவருக்கும் புரியும். கேள்விகளை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் கடையிலேயே விடை இருக்கிறது. போன் எடுப்பவர் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும்; அழைப்பவர்கள் எந்தச் சொல்லில் கேட்கிறார்களோ அந்தச் சொல்லிலேயே கேள்வியை எழுதுங்கள். அவர்கள் 'கம்ப்ரஸர்' என்று கேட்காமல் 'வெளியே இருக்கிற பெட்டி' என்றுதான் கேட்பார்கள் என்றால், அப்படியே இருக்கட்டும்.

அப்படி எழுதிய பதில்களைப் பக்கத்தின் அடியில் ஒன்றாகக் குவிப்பதும் குறியீட்டுக் காலத்துப் பழக்கம்தான். கட்டணக் கேள்வி கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கலாம். வாரண்டிக் கேள்வி உதிரிபாகங்களைப் பற்றிய பத்தியை ஒட்டி இருக்கலாம். படிப்பவருக்குச் சந்தேகம் வரும் இடத்திலேயே பதிலும் இருந்தால் அவர் கீழே போய்த் தேட வேண்டியதில்லை.

இனி, 2023 விதி வாசலைத் திறந்து வைத்தவர்களைப் பற்றி. அரசுத் துறைகளின் தளங்களையும் பெரிய பொது மருத்துவ நிறுவனங்களின் தளங்களையும் பராமரிப்பவர்களுக்கு கூகுளின் ஆதரவு தொடர்ந்தால் மட்டும் இந்தக் குறியீடு போட்டுப் பார்க்கத்தக்கது. மக்கள் சான்றிதழுக்கும் தடுப்பூசிக்கும் உதவித்தொகைக்கும் தேடும் பதில்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் கேள்வி பதிலை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பாக ஏற்றி வைத்தால் அதற்குக் குறியீடு போட வழியே இல்லை. பக்கத்தில் யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும். குறியீடு சேர்ப்பதற்கு முன் கூகுளின் FAQPage ஆவணத்தை ஒருமுறை திறந்து, ஆதரவு இன்னும் தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்தால், 2021இலிருந்து ஒரு முடிவுக்கு இரண்டு கேள்விக்கு மேல் காட்டப்படுவதில்லை என்பதை நினைவில் வைத்து, மக்கள் மிக அதிகமாகக் கேட்கும் இரண்டையும் பட்டியலின் தொடக்கத்தில் வையுங்கள்: என்னென்ன ஆவணம் வேண்டும், எத்தனை நாளாகும். ஒரே பதிலை ஒவ்வொரு மாவட்டப் பக்கத்திலும் ஒட்டாமல் ஒரே பக்கத்தில் மட்டும் குறியீடு இடுங்கள். தேடுபொறி அந்தப் பக்கத்தை மறுபடி படித்துச் சில வாரங்கள் ஆன பிறகு Search appearance வரியைத் திறந்து பாருங்கள்.